"உள்ளே வந்து எடுத்தீர்களா, சார்?"

பிப்ரவரியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, இரவு ஒன்பது மணி வாக்கில், எங்கள் வாடகைதாரரிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு வரிகள் வந்தன. "தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். இந்தப் படங்களை உள்ளே வந்து எடுத்தீர்களா, சார்?" முதல் வரியைப் படித்ததும் கோபம் வந்தது. இரண்டாவது வரியைப் படித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உள்ளே போய்த்தான் எடுத்திருந்தேன். பூட்டாத கேட்டைத் தள்ளித் திறந்து, யாரும் இல்லாத நேரத்தில் பதினொரு படங்கள் எடுத்தேன். கூடவே ஒப்பந்தத்தின் பிரிவு எண்ணையும் போட்டு அனுப்பினேன்: "தோட்டத்துக்கு நீர் ஊற்றுவதாகவும் வளாகத்தைத் துப்புரவாக வைத்திருப்பதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கவனிக்கவும்." அந்த "தயவுசெய்து" அங்கே எதற்கு வந்தது என்று இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது.

வீடு சிங்கப்பூரில் செராங்கூன் கார்டனில் உள்ள ஒரு பழைய தரைவீடு. அப்பா போன பிறகு அம்மா அங் மோ கியோவில் எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டார். வீடு அம்மா பெயரில் இருந்தாலும் வேலையெல்லாம் என் தலையில்தான். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் விட்டோம். கணவன், மனைவி, ஒரு சிறுமி, அவ்வப்போது ஊரிலிருந்து வந்து தங்கும் பாட்டி. நாங்கள் சொன்ன வாடகை மாதம் 5,350 சிங்கப்பூர் வெள்ளி. தோட்டக்காரரை அவர்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் பொதுவான வழக்கம். நாங்கள் சற்று மாற்றிப் பேசினோம். மாதம் ஒருமுறை புல் வெட்டுவது எங்கள் செலவு. நீர் ஊற்றுவதும் கூட்டிப் பெருக்குவதும் அவர்கள் பொறுப்பு. அதற்காக வாடகையில் 150 வெள்ளி குறைப்பு. அதனால்தான் வாடிய செடிகளைப் பார்த்ததும் எனக்கு அப்படி எரிந்தது. வெறும் செடியாகத் தெரியவில்லை, மாதா மாதம் 150 வெள்ளி வாடிக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது.

அம்மாவின் பங்கும் இதில் உண்டு. வாரம் ஒருமுறையாவது கேட்பார்: "மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களா?" இட்லிப்பூவைக் கேட்பார், கறிவேப்பிலையைக் கேட்பார். நான் "ஊற்றுவார்கள் அம்மா" என்பேன். "பார்த்தாயா?" என்பார். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாமல்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன்.

மழை படாத இடம்

சிங்கப்பூரில் யாரிடமாவது போய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொன்னால், "இங்கேதான் தினமும் மழை பெய்கிறதே" என்று சிரிப்பார்கள். பாதி உண்மை. டிசம்பரிலும் ஜனவரியிலும் கொட்டித் தீர்க்கும் வடகிழக்குப் பருவமழை, பிப்ரவரியில் ஆளையே மாற்றிக்கொள்ளும். காற்று வீசும், வானம் வெளுத்திருக்கும், மழை மட்டும் இருக்காது. 2014இல் ஜனவரி 13 தொடங்கி பிப்ரவரி 8 வரை இருபத்தேழு நாள் வறட்சி நீடித்தது இங்கே பலருக்கு நினைவிருக்கும். அப்போது அப்பா உயிரோடு இருந்தார். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை ரப்பர்க் குழாயோடு நிற்பார். தெருவெல்லாம் புல் பழுப்பாகிக் கிடந்தபோது எங்கள் வாசல் மட்டும் பச்சையாக இருந்ததில் அவருக்கு ஒரு சின்னக் கர்வம்.

ஆனால் எங்கள் வீட்டில் பிரச்சினை பிப்ரவரி மட்டும் அல்ல. கேட் ஓரம் தரையில் நிற்கும் கறிவேப்பிலை மரம் எந்த வறட்சியையும் தாங்கும், அதன் வேர் எங்கேயோ போயிருக்கிறது. வாடியிருந்தவை கார் நிறுத்தும் இடத்தின் கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த பதினான்கு பூந்தொட்டிகள். அந்தக் கூரை அப்பா போட்டது. கொளுத்தும் வெயிலை மங்கலாக்கிக் கொடுக்கும், மழையை ஒரு சொட்டும் விடாது. வெளியே வெள்ளம் வந்தாலும் அந்தத் தொட்டிகளுக்கு மனிதன் ஊற்றினால்தான் தண்ணீர். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒப்பந்தத்தில் அறைக் குளிரூட்டிகளைப் பற்றிய பிரிவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பாருங்கள்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு, வாடகைதாரர் செலவு, ரசீதைக் காட்ட வேண்டும். தோட்டத்துக்கு ஒரே வரி. நீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். எதற்கு, எவ்வளவு, யார் ஊரில் இல்லாதபோது யார் ஊற்றுவது, ஒன்றும் இல்லை. அப்பா முப்பது ஆண்டுகள் செய்த காரியத்தை நான் அந்த ஒரு வரிக்குள் அடைத்துவிட்டு, படித்தவர்கள்தானே, புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

அந்த இரவு பதில் எழுதாமல், வீட்டு முகவராக இருக்கும் ஒரு நண்பனை அழைத்தேன். இரண்டு மாத வாடகையை முன்பணமாக வாங்கி வைத்திருக்கிறோம், செடிகளுக்கு அதில் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவன் எதிர்க்கேள்வி கேட்டான். வீட்டுப் பொருள் பட்டியலில் செடிகள் இருக்கின்றனவா? இல்லை. விளக்கு, திரை, அலமாரி எல்லாம் இருக்கிறது, செடி இல்லை. குடிவந்த அன்று தொட்டிகளைப் படம் எடுத்தாயா? இல்லை. "இரண்டு ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தம், தொகையும் 20,000 வெள்ளிக்குள் என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கே போகலாம். ஆனால் அங்கே போய் என்ன காட்டுவாய்? செடி முன்பு உயிரோடு இருந்தது என்பதற்கு உன் அம்மா சாட்சியா?" என்றான். பிறகு கொஞ்சம் அடக்கமான குரலில் சொன்னான்: "நீ உள்ளே போனது தெரிந்தால் அவர்கள்தான் உன்மேல் புகார் சொல்வார்கள். வாடகைக்கு விட்ட பிறகு அது அவர்கள் வாசல்."

அது அவர்கள் வாசல் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் நான் தவழ்ந்த தரை அது. கேட்டைத் தள்ளும்போது கை தானாகத் தள்ளியது. அந்தக் கொக்கி கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும், அது என் கைக்குத் தெரியும். இது ஒரு சமாதானமே அல்ல என்பது வாடகைதாரருடைய இரண்டாவது வரியைத் திரும்பத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. வீட்டில் ஒரு வயதான அம்மாவும் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாத நேரத்தில் ஒரு மனிதன் உள்ளே நின்று படம் எடுத்திருக்கிறான். என் இடத்தில் வேறு எவனாவது இருந்திருந்தால் அவனைப் பற்றி நான் என்ன சொல்லியிருப்பேன்?

மறுநாள் காலை எழுதினேன்: "ஆமாம், உள்ளே வந்துதான் எடுத்தேன். அது தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை உங்களுக்கு வசதிப்பட்டால் வந்து சேர்ந்து பார்க்கலாமா?" மாலை வரை பதில் இல்லை. பிறகு, "ஏழரைக்கு வாருங்கள், சார். அம்மா அப்போதுதான் ஊற்றுவார்கள்" என்று வந்தது.

ஒரு குவளைத் தண்ணீர்

சனிக்கிழமை கேட்டுக்கு வெளியே நின்று மணி அடித்தேன். பாட்டி ஒரு வாளியும் ஸ்டீல் குவளையுமாக வெளியே வந்தார். "வாங்க தம்பி" என்றார், அதற்குமேல் ஒரு சொல் இல்லை. மகன் சொல்லியிருக்க வேண்டும். என் கண்ணெதிரே ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு குவளை ஊற்றிக்கொண்டே போனார். ஒரு தொட்டியையும் விடவில்லை, சிந்தவில்லை. தினமும் ஊற்றுகிறோம் என்றது பொய்யில்லை என்பது அந்தக் கை வேகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் மூன்றாவது தொட்டியில் அவர் ஊற்றி முடிப்பதற்குள் கீழேயிருந்த தட்டில் சலசலவென்று தண்ணீர் வந்து நிறைந்தது. அவரும் நின்றார், நானும் குனிந்தேன்.

"மண் குடிக்கவில்லை தம்பி. பல நாளாக இப்படித்தான். தட்டில் இருக்கிற தண்ணீரைக் கீழிருந்து இழுத்துக்கொள்ளும் என்று விட்டுவைத்தேன்" என்றார்.

மண்ணுக்குள் விரலை விட்டேன். இரண்டு கணு ஆழத்துக்குத் தூள் பறந்தது. தொட்டியைத் தூக்கினேன். இரு கையாலும் தூக்க வேண்டிய தொட்டி ஒரு கையோடு வந்துவிட்டது. மண் முழுவதும் ஒரே உருண்டையாகச் சுருங்கி, தொட்டியின் ஓரத்தைவிட்டு விலகி நின்றது. சுற்றிலும் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஊற்றிய தண்ணீர் மண்ணைத் தொடாமல் அந்த இடைவெளி வழியாக நேரே கீழே இறங்கித் தட்டுக்குப் போய்விடுகிறது. மேலே தாகம், கீழே குளம். எட்டிப் பார்க்கும் என்னைப் போன்ற ஆளுக்கு இலை வாடியிருப்பது மட்டும்தான் தெரியும்.

பாட்டி மண்ணை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். பொள்ளாச்சிக்காரர். அங்கே தென்னை நார்த் தூளைக் கட்டி கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள், அதோடு பழகிய கை. "நார்த் தூள் கொஞ்சம் இருக்கிறது, மீதி வேறு என்னவோ. காய்ந்தால் தண்ணீரைத் தள்ளிவிடுகிறது. இந்த மண்ணை யார் போட்டார்கள்?"

நான்தான் போட்டேன். வீட்டைப் பார்க்க ஆட்கள் வருவதற்கு முன் வாசல் பளிச்சென்று இருக்கட்டும் என்று, அப்பாவின் கனத்த பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, பையில் விற்கும் இலேசான கலவையை வாங்கி எல்லாத் தொட்டிகளையும் மாற்றினேன். தூக்குவதற்குச் சுலபம், பார்க்கக் கறுப்பாக அழகாக இருந்தது. அதில் பெரும்பகுதி பீட் எனப்படும் மக்கிய பாசித் தூள். ஈரமாக இருக்கும்வரை பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் எண்ணெய் தடவிய இலை மாதிரி தண்ணீரை உருட்டி விடும், சுருங்கவும் செய்யும். அப்பாவின் களிமண் கலந்த மண்ணுக்கு இந்தப் பழக்கம் கிடையாது.

முழுக்கக் காய்ந்தது எப்போது என்று கேட்டபோது மகன் கொஞ்சம் தயங்கினார். டிசம்பரில் குடும்பத்தோடு ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்திருக்கிறார்கள். "மழைக்காலம்தானே சார், செடி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தோம்" என்றார். வெளியே மழை கொட்டிய அந்த மூன்று வாரமும் கூரைக்குக் கீழே ஒரு சொட்டுக்கூட விழவில்லை. திரும்பி வந்த நாளிலிருந்து பாட்டி ஒரு நாள் தவறாமல் ஊற்றியிருக்கிறார், எல்லாம் தட்டுக்குப் போயிருக்கிறது. என் மண்ணும் அவர்களுடைய மூன்று வாரமும் சேர்ந்து செய்த வேலை அது. எது எத்தனை விழுக்காடு என்று பிரிக்கச் சொன்னால் எந்த நடுவர் மன்றமும் திணறும்.

தட்டுகளைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. ஐந்தாவது தட்டில், ஒரு காய்ந்த இலைக்கு அடியில், கமாக் குறி போன்ற சின்னப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. கை நிழல் பட்டதும் விருட்டென்று அடியில் போய் ஒளிந்தன. கொசுப்புழு அப்படித்தான் செய்யும். இரண்டு தெரு தள்ளி டெங்கிக்கான சிவப்புப் பதாகை தொங்கிக்கொண்டிருந்தது, அதாவது அந்த வட்டாரத்தில் பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ வந்துவிட்டது என்று பொருள். முட்டை முழுக் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி அன்றைக்கு வந்திருந்தால் முதல் முறைக்கே 200 வெள்ளி அபராதம், அதுவும் வீட்டில் குடியிருப்பவர் பெயரில்தான் வந்திருக்கும். நான் எழுதிய ஒற்றை வரியைச் சொன்னபடி நிறைவேற்றியதற்காக அவர்கள் அபராதம் கட்டியிருப்பார்கள்.

பாட்டி தட்டை எடுத்துக் கழிவுநீர் ஓடையில் கவிழ்க்கப் போனார். தடுத்தேன். ஓடையில் தேங்கிய நீர் இருந்தால் புழு அங்கே பிழைத்துக்கொள்ளும், வெயில் படும் காய்ந்த தரையில் கொட்டினால்தான் சாகும். கொட்டினாலும் போதாது, தட்டின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரின் மேல் இடுவதில்லை, தண்ணீர் முடியும் விளிம்பை ஒட்டி இடும். அந்த முட்டை மாதக் கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த முறை தண்ணீர் ஏறும்போது பொரிக்கும். பதினான்கு தட்டுகளையும் நானும் அவர் மகனும் உட்கார்ந்து தேய்த்தோம். முதல் நான்கு தட்டு வரை பேச்சே இல்லை. ஐந்தாவதில் அவர் தன் அலுவலகத்தைப் பற்றி ஏதோ சொன்னார்.

ஊறப்போட்டது

வைத்தியம் பாட்டி சொன்னதுதான். ஊரில் நார்த் தூள் கட்டியை ஊறப்போடுவது போல இதையும் ஊறப்போடலாம் என்றார். குழந்தை குளிக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் நிரப்பி, பூந்தொட்டியை விளிம்பு வரை அமிழ்த்தினோம். முதலில் மண் உருண்டை தொட்டியோடு மிதக்கப் பார்த்தது. மேலே ஒரு செங்கல்லை வைத்தோம். குமிழ்கள் வரிசையாக வந்தன. குமிழ் நிற்க முக்கால் மணி நேரம் ஆனது. எடுத்தபோது கை இறங்கியது, அவ்வளவு கனம். சிறுமி ஒவ்வொரு தொட்டிக்கும் குமிழ் நிற்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். ஓரத்து இடைவெளியில் தோட்டத்து மண்ணைத் திணித்து விரலால் அழுத்தினோம். இரண்டு சனிக்கிழமைகளில் பதினான்கும் முடிந்தது.

பத்து பிழைத்தன. தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக ஒடிந்தால் இல்லை. மூன்று மல்லிகையும் ஓர் இட்லிப்பூவும் அடிவரை பழுப்பு. மல்லிகை அம்மாவுடையது. அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்கு அந்த இரண்டு வாரமும் பெரிய கவலையாக இருந்தது.

ஒரு குவளை மட்டும் ஏன் என்று பாட்டியிடம் மெதுவாகக் கேட்டேன். அவர்கள் தெருவில் கோடையில் லாரித் தண்ணீர்தான் என்றார். இங்கே குழாயைத் திறந்துவிட்டு நிற்க மனம் வரவில்லை, தண்ணீர்க் கட்டணமும் மகன் தலையில்தானே. கணக்குப் போட்டுக் காட்டினேன். தொட்டிக்கு இரண்டு லிட்டர் என்றாலும் பதினான்கு தொட்டிக்கு நாளைக்கு இருபத்தெட்டு லிட்டர். மாதத்துக்கு ஒரு கன மீட்டர்கூட ஆகாது. இப்போதைய கட்டணம் கன மீட்டருக்கு 3.24 வெள்ளி, பொருள் சேவை வரியைச் சேர்த்தாலும் மாதம் மூன்று வெள்ளி. பாட்டி, "மூன்று வெள்ளிக்கா இவ்வளவு?" என்றார். அந்த "இவ்வளவு" எதைக் குறித்தது என்று நான் கேட்கவில்லை.

இனி தட்டு வேண்டாம், தொட்டிகள் செங்கல் மேல் நிற்கட்டும், தண்ணீர் வழிந்து தரையில் ஓடிக் காயட்டும் என்று முடிவு செய்தோம். குவளையை இரண்டு தடவையாக ஊற்ற வேண்டும். முதல் தடவை மண் நனைய, கொஞ்ச நேரம் விட்டு இரண்டாவது தடவை இறங்க. தொட்டியைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் கனத்திலேயே தெரிந்துவிடும், தினமும் ஊற்ற வேண்டும் என்றுகூட இல்லை. இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். வெளியூர் போகும்போது இரண்டு வாரம் முன்பே தெரிவிப்பது, நான் வருவதானால் இரண்டு நாள் முன்பே கேட்பது, இந்த இரண்டும் அதில் உண்டு.

வளாகத் துப்புரவைப் பற்றிப் பேசும்போதுதான் கொஞ்சம் உரசல் வந்தது. என் பதினொரு படங்களில் செருப்பு வரிசையும் சிறுமியின் சைக்கிளும் இருந்தன. "செருப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா, சார்?" என்று மகன் கேட்டார். இல்லை. அப்பாவின் வாசலில் ஒரு துரும்பு கிடக்காது, அந்த வாசல் என் கண்ணிலேயே இருக்கிறது, அதை வாடகையோடு சேர்த்து எதிர்பார்த்துவிட்டேன். செருப்பையும் சைக்கிளையும் விட்டுவிட்டேன். ஓடையை அடைக்கும் இலை, நிமிர்ந்து கிடக்கும் வாளி, மடிப்பில் மழைநீர் பிடிக்கும் அட்டைப்பெட்டி, இந்த மூன்றில் விட்டுக்கொடுக்கவில்லை. பெட்டிகளை அன்றே கட்டிப்போட்டார், கொஞ்சம் முகம் சுளித்துக்கொண்டுதான். கூரைத் தண்ணீர்த் தகட்டில் இலை அடைத்திருப்பதைப் பதிலுக்கு அவர் காட்டினார். அது எங்கள் பொறுப்பு. ஏணியோடு ஆள் அனுப்பினேன்.

அம்மாவிடம் ஒருவழியாகச் சொன்னேன். மல்லிகை மூன்றும் போய்விட்டது என்றதும், "காசு கேட்டாயா?" என்றார். இல்லை என்றேன். "ஏன்?" என்றார். மண்ணை மாற்றியது நான் என்று சொன்னேன். "அப்பா மண்ணையா?" என்று மட்டும் கேட்டார். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

அடுத்த டிசம்பரில், முதல் தேதியே செய்தி வந்தது. பதினைந்தாம் தேதியிலிருந்து இருபது நாள் ஊரில் இருப்பார்களாம், கேட் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறார்களாம். "நீங்கள் உள்ளே வரலாம், சார்" என்று முடித்திருந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போவதாகச் சொன்னேன். போக ஒரு பஸ், வர ஒரு பஸ், இடையில் பத்துத் தொட்டிகளுக்கு இருபத்தைந்து நிமிடம். முதல் வாரம் தவறாமல் போனேன். இரண்டாவது வாரம் அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை, மழையும் விடாமல் பெய்தது. வியாழன் போகவில்லை, சனிக்கிழமையும் போகவில்லை. ஞாயிறு காலை குடையை மடக்கிவிட்டுக் கேட்டைத் திறந்து, நேரே இட்லிப்பூத் தொட்டியிடம் போய் ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். கொஞ்சம் எழும்பியது. அவசர அவசரமாக வாளியைத் தேடினேன். பாட்டி அதைக் கழுவித் துடைத்து, குவளையை உள்ளே வைத்து, மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.